சரக்குப் போனது, விற்றதா?

தன் சரக்கை வேறூரில் உள்ள ஒரு ஏஜென்டிடம் ஒப்படைத்து, தன் பொறுப்பிலேயே விற்றுத் தரச் சொல்வது அனுப்பீடு எனப்படும். கடைத்தெருவில் இதையே கன்சைன்மென்ட் என்பார்கள்; கமிஷனுக்குச் சரக்குப் போடுவது என்றும் சொல்வார்கள். சரக்கை அனுப்புகிறவர் அனுப்புநர். அதை வைத்திருந்து விற்றுக் கொடுப்பவர் ஏஜென்ட். ஏஜென்ட் அந்தச் சரக்கை விலைக்கு வாங்குவதில்லை. விற்றால் கமிஷன் எடுத்துக்கொள்வார், விற்காததைத் திருப்பி அனுப்பிவிடுவார். இருவருக்கும் இடையே உள்ள உறவு முதலாளி, முகவர் உறவு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை முகமை என்ற தலைப்பில் வைக்கிறது. விற்பவர், வாங்குபவர் உறவை ஆளும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இவர்கள் இருவருக்கும் நடுவே வருவதில்லை.

கணக்கில் இதற்குத் தனி இடம் கிடைத்ததற்கும் இந்த உறவே காரணம். லாரி கிளம்பிவிட்டது, சரக்கு இப்போது வேறொருவர் குடோனில் இருக்கிறது, அவர் கொஞ்சம் பணமும் அனுப்பியிருக்கிறார் என்றால், பார்க்கிறவருக்கு அது விற்பனை போலவே தெரியும். உண்மையில் இன்னும் எதுவும் விற்கவில்லை. சரக்கு இடம் மாறியிருக்கிறது, சொந்தம் மாறவில்லை. குடோனில் தீப்பிடித்தால் நட்டம் அனுப்புநருடையது. சந்தையில் விலை சரிந்தாலும் அவருடையதுதான். ஏஜென்ட் கடனாளியாகித் திவாலானால்கூட, அவர் குடோனில் இருக்கும் இந்தச் சரக்கு அவருடைய கடன்காரர்களுக்குப் போகக் கூடாது; அனுப்புநர் உரிமை கோரி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எது தன்னுடையது என்று அவர் அடையாளம் காட்ட வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்த அனுப்புநர்கள் ஏஜென்டின் சொந்தச் சரக்கோடு தங்கள் சரக்கைக் கலக்க விடுவதில்லை, ஆண்டு முடிவில் இருப்பு எவ்வளவு என்று எழுத்தில் உறுதிக் கடிதமும் வாங்கிவைக்கிறார்கள்.

அப்படியானால் அனுப்புநர் விற்பனையை எப்போது எழுதலாம்? ஏஜென்ட் அந்தச் சரக்கை மூன்றாம் ஆள் ஒருவருக்கு விற்ற நாளில் எழுதலாம், அதற்கு முன் கூடாது. இந்தியாவில் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான கணக்கியல் தரநிலை 9 இதை நேரடியாகவே சொல்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்களும் பெரிய நிறுவனங்களும் 2018 ஏப்ரல் முதல் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரநிலை 115 வேறு வழியில் அதே இடத்துக்கு வருகிறது. சரக்கின் மீதான கட்டுப்பாடு யார் கையில் என்பதே அதன் கேள்வி. ஏற்பாடு அனுப்பீடுதான் என்பதற்கு அது மூன்று அடையாளங்களைத் தருகிறது. கடைசி வாடிக்கையாளருக்கு விற்கும்வரையோ குறித்த காலம் முடியும்வரையோ சரக்கின் கட்டுப்பாடு அனுப்பியவரிடமே இருப்பது ஒன்று. அவர் நினைத்தால் அதைத் திரும்பக் கேட்கவோ வேறொருவருக்கு மாற்றிவிடச் சொல்லவோ முடிவது இன்னொன்று. சரக்கைப் பெற்றவருக்கு நிபந்தனையின்றிப் பணம் கட்டும் கடமை இல்லாதது மூன்றாவது. ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது இதில் கணக்கில்லை. தலைப்பில் விற்பனை ஒப்பந்தம் என்று இருந்து, உள்ளே விற்காததை எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம், விற்ற பிறகு பணம் கொடுத்தால் போதும் என்று இருந்தால், அது அனுப்பீடுதான்.

பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள் என்று வாடிக்கையாளருக்கே சரக்கு அனுப்பும் வழக்கத்தை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அங்கே சரக்கைப் பெறுபவர் முகவர் அல்ல, வாங்கக்கூடியவர். அவர் சம்மதம் தெரிவித்தாலோ, குறித்த கெடுவுக்குள் திருப்பாமல் வைத்துக்கொண்டாலோ, சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி சரக்கு அவருக்குச் சொந்தமாகிவிடும். அனுப்பீட்டில் ஏஜென்ட் மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் சும்மா வைத்திருந்ததற்காகச் சரக்கு அவருடையதாகிவிடாது.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டால் மற்றவை விளங்கும். கரூரில் படுக்கை விரிப்பும் போர்வையும் தயாரிக்கும் ஒருவர் ஜனவரி 10-ஆம் தேதி கொல்கத்தா ஏஜென்டுக்கு 1,000 போர்வைகள் அனுப்புகிறார். ஒரு போர்வையின் அடக்கவிலை 400 ரூபாய். மொத்தம் 4,00,000. லாரி வாடகைக்கும் காப்பீட்டுக்குமாக 24,000 ரூபாயை அவரே கொடுக்கிறார். சரக்கோடு போவது விலைப்பட்டியல் அல்ல, ஏஜென்டுக்கு விவரம் சொல்லும் மாதிரிப் பட்டியல். சரக்கு போய்ச் சேருமுன்பே ஏஜென்ட் 1,50,000 ரூபாய் முன்பணம் அனுப்புகிறார்.

கரூர்க்காரரின் ஏட்டில் அன்றைக்கு நடப்பது இதுதான். கொல்கத்தா அனுப்பீட்டுக் கணக்கு என்று ஒன்றைத் திறந்து, அதில் 4,00,000-ஐயும் 24,000-ஐயும் பற்று எழுதுகிறார். ஒவ்வொரு அனுப்பீட்டுக்கும் ஒரு கணக்கு வைத்தால்தான் எந்த ஊரில் லாபம், எந்த ஊரில் கைநட்டம் என்று தெரியும். வந்த முன்பணம் வங்கியில் பற்று, ஏஜென்டின் பெயரில் வரவு. அது அவருக்குத் தர வேண்டிய பாக்கியாக நிற்கிறது. விற்பனைக் கணக்கில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. முன்பணம் வந்ததும் அதை விற்பனையாக எழுதிவிடுவது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அந்தப் பணம் சரக்கின் பேரில் ஏஜென்ட் கொடுத்த ஈட்டுத்தொகை மாதிரி. சரக்கு விற்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

வழியில் மழை. தார்ப்பாய் கிழிந்து 20 போர்வைகள் நனைந்து வீணாகின்றன. கொல்கத்தாவில் நல்ல நிலையில் இறங்கியவை 980. இறக்குகூலியும் குடோன்வரை கொண்டுசேர்க்கும் வண்டிக்கூலியும் 4,900 ரூபாய், ஏஜென்ட் கொடுக்கிறார். மார்ச் 31-க்குள் அவர் 700 போர்வைகளை ஒன்று 600 ரூபாய் வீதம் விற்கிறார், மொத்தம் 4,20,000. அதற்குள் குடோன் வாடகை 5,600 ஆகியிருக்கிறது. ஒப்பந்தப்படி சாதாரணக் கமிஷன் 5 சதவீதம், 21,000 ரூபாய். கடனுக்கு வாங்கிய கடைக்காரர் பணம் தராவிட்டால் அந்தப் பொறுப்பைத் தானே ஏற்பதாக ஏஜென்ட் உத்தரவாதம் தந்திருப்பதால், டெல் கிரெடியர் கமிஷன் என்று இன்னும் 2 சதவீதம், 8,400 ரூபாய். இந்தக் கூடுதல் கமிஷன் இருந்தால் வாராக்கடன் ஏஜென்டின் தலையில். இல்லையென்றால் அனுப்புநரின் தலையில். வரியைச் சேர்க்காமல் சொன்ன தொகைகள் இவை.

ஏப்ரல் 8-ஆம் தேதி ஏஜென்ட் விற்பனைக் கணக்கறிக்கை அனுப்புகிறார். எத்தனை விற்றது, என்ன விலைக்கு, எவ்வளவு செலவு, கமிஷன் எவ்வளவு, மீதி எவ்வளவு தர வேண்டும் என்று சொல்லும் தாள் அது. 4,20,000-இல் இறக்குகூலி, வாடகை, கமிஷன்கள் எல்லாம் போக 3,80,100. முன்பணம் 1,50,000-ஐக் கழித்தால் ஏஜென்ட் தர வேண்டியது 2,30,100 ரூபாய்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அறிக்கை வந்தது ஏப்ரலில் என்றாலும் விற்பனை நடந்தது மார்ச்சுக்குள், ஆகவே அது பழைய ஆண்டுக்கு உரியது. அறிக்கை கைக்கு வந்த நாளில் பதிவு போடுவது பாடப்புத்தக வழக்கம். ஆண்டு நடுவில் அதனால் கெடுதி இல்லை. ஆண்டு முடிவில் மட்டும் ஏஜென்டிடம் மார்ச் 31 வரையான விற்பனையைத் தனியாகக் கேட்டு வாங்கி எழுத வேண்டும். இரண்டாவது, கரூர்க்காரரின் விற்பனை 4,20,000-தான். கமிஷனைக் கழித்து வந்த தொகை அல்ல. கமிஷன் அவருக்குச் செலவு. ஏஜென்டின் ஏட்டிலோ 4,20,000 விற்பனையாக ஏறவே கூடாது. அவருடைய வருமானம் 29,400 ரூபாய்க் கமிஷன் மட்டும். சரக்கு வந்தபோதும் அவர் அதைத் தன் இருப்பாக எழுதுவதில்லை, நினைவுக்காக ஒரு இருப்புப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார்.

இனி, விற்காமல் கிடக்கும் 280 போர்வைகளின் மதிப்பு. தவறு அதிகம் புகுவது இந்த இடத்தில்தான். சரக்கை விற்கும் இடத்துக்கும் விற்கும் நிலைக்கும் கொண்டுசேர்க்க ஆன செலவு அடக்கத்தில் சேரும். சேர்ந்த பிறகு வைத்துக் காப்பதற்கும் விற்பதற்கும் ஆவது சேராது. லாரி வாடகையும் காப்பீடும் 1,000 போர்வைகளுக்கும் ஆன செலவு; அதனால் ஒன்றின் அடக்கம் 424 ரூபாய். இறக்குகூலி இறங்கிய 980-க்கு மட்டும் ஆனது, ஒன்றுக்கு 5 ரூபாய். கொல்கத்தா குடோனில் ஒரு போர்வையின் அடக்கம் 429 ரூபாய். குடோன் வாடகையும் கமிஷனும் இதில் வராது. ஆக 280 போர்வைகளின் மதிப்பு 1,20,120 ரூபாய். கொல்கத்தா குடோனில் இருந்தாலும் கரூர்க்காரரின் இருப்புநிலைக் குறிப்பில் இது அவருடைய சரக்கிருப்பாகத்தான் நிற்கும்.

நனைந்துபோன 20-ஐ வேறு மாதிரி பார்க்க வேண்டும். இறங்குமுன்பே வீணானதால் அவற்றின் மேல் இறக்குகூலி ஏறாது. 424 வீதம் 8,480 ரூபாயை அனுப்பீட்டுக் கணக்கிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் 6,000 தந்தால் மீதி 2,480 நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். விபத்தின் சுமையை நல்ல போர்வைகளின் தலையில் ஏற்றினால் கொல்கத்தா வியாபாரம் லாபமா என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்காது. வெல்லம் கசிவது, கற்பூரம் காற்றில் கரைவது போன்ற இயல்பான தேய்மானத்துக்கு இந்த முறை பொருந்தாது. அது எப்படியும் நடக்கும் என்பதால் மிஞ்சிய எடையின் அடக்கத்திலேயே ஏறிவிடும்.

இப்போது கணக்கை முடிக்கலாம். அனுப்பீட்டுக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் சரக்கும் எல்லாச் செலவுகளும் கமிஷனும் சேர்ந்து 4,63,900. வரவுப் பக்கத்தில் விற்பனை 4,20,000, வீணான சரக்கு 8,480, இருப்பு 1,20,120, மொத்தம் 5,48,600. லாபம் 84,700 ரூபாய். விற்ற 700 போர்வைகளின் அடக்கத்தையும் வாடகையையும் கமிஷனையும் விற்பனையிலிருந்து நேரே கழித்தாலும் இதே தொகை வரும். இப்படி இன்னொரு வழியில் ஒத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. லாரி கிளம்பிய அன்றே 1,000 போர்வைகளையும் 600 ரூபாய் வீதம் விற்றதாக எழுதியிருந்தால், விற்பனை 6,00,000 என்றும் லாபம் கமிஷனைக் கழிக்குமுன் 1,76,000 என்றும் காட்டியிருக்கும். குடோனில் கிடப்பதும் மழையில் போனதும் லாபம் ஈட்டியதாகக் கணக்குச் சொல்லியிருக்கும்.

இருப்பு எப்போதும் அடக்கவிலையிலேயே நிற்காது. கோடை வந்து கொல்கத்தாவில் போர்வை விலை 440-க்கு விழுந்துவிட்டது என்றால், 7 சதவீதக் கமிஷன் போகக் கையில் வருவது 409 ரூபாய் 20 காசு. அடக்கமான 429-ஐ விட இது குறைவு. 280 போர்வைகளையும் குறைந்த மதிப்பில், 1,14,576 ரூபாய்க்குத்தான் காட்ட முடியும். ஏஜென்ட் விற்று முடிக்கட்டும், நட்டத்தை அப்போது எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. லாபத்துக்குத்தான் விற்பனைவரை காத்திருக்க வேண்டும், தெரிந்த நட்டத்துக்குக் காத்திருக்கக் கூடாது.

விற்பனையை முன்கூட்டியே எழுதும் ஆசை சிறு வியாபாரிகளுக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்க மருந்து நிறுவனமான பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் 2000, 2001 ஆண்டுகளில் தன் இரண்டு பெரிய மொத்த விற்பனையாளர்களுக்குத் தேவைக்கு மேல் மருந்தைத் தள்ளியது. காலாண்டு இலக்கை எட்டுவதற்காக, காலாண்டு முடியும் தறுவாயில் இது நடந்தது. தேவையில்லாத சரக்கை யாரும் சும்மா வாங்கிக் குவிக்க மாட்டார்கள் அல்லவா? அதனால் சரக்கை வைத்திருக்கும் செலவை நிறுவனமே ஏற்றது. மருந்து விற்கும்வரை அவர்கள் போட்ட முதலுக்கு ஒரு வருமானத்தையும் உறுதி செய்தது. காகிதத்தில் எல்லாம் முறையான விற்பனைதான்: பட்டியல் இருந்தது, சரக்கும் கைமாறியது. ஆனால் வைத்திருக்கும் செலவும் விற்காமல் போகும் பொறுப்பும் அனுப்பியவரிடமே இருந்தபோது, மொத்த விற்பனையாளர் பெயருக்குத்தான் வாங்கியவர். இந்த விற்பனைகளை அனுப்பீடாகவே கருதி, மொத்த விற்பனையாளர்கள் விற்ற பிறகே வருவாயாக எழுதியிருக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. சுமார் 150 கோடி டாலர் வருவாய் தவறாகக் காட்டப்பட்டதாக அதன் குற்றச்சாட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2004 ஆகஸ்டில் நிறுவனம் 15 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

இத்தகைய ஏற்பாட்டைக் கண்டுபிடிக்க ஆடிட்டர் ஒப்பந்தத்தை மட்டும் படித்தால் போதாது. பணம் எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். பட்டியல் போட்டு முப்பது நாளில் வர வேண்டிய பணம், சரக்கைப் பெற்றவர் மறுவிற்பனை செய்யும் வேகத்தோடு ஒட்டியே வந்துகொண்டிருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. மார்ச் கடைசி வாரத்தில் விற்பனை எகிறி ஏப்ரலில் திரும்பி வரும் சரக்குக் குவிந்தாலும், குடோன் வாடகைக்கும் காப்பீட்டுக்கும் விற்றவரே பணம் கட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே.

கடைசியாக, இந்தியாவில் அனுப்புநர்களைத் தடுமாற வைக்கும் விஷயம் ஜிஎஸ்டி. கணக்கில் விற்பனை இல்லாத நாளிலேயே வரிச் சட்டத்தில் வழங்கல் இருக்கும். மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, தன் சார்பில் சரக்கை விற்றுத் தரும் ஏஜென்டுக்கு முதலாளி அனுப்புவது, பணம் எதுவும் கைமாறாவிட்டாலும் வழங்கல்தான். எல்லா ஏஜென்டுக்கும் இது பொருந்தாது. வாடிக்கையாளருக்குப் பட்டியல் யார் பெயரில் போகிறது என்பதுதான் உரைகல் என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2018-இல் சுற்றறிக்கை வெளியிட்டு விளக்கியது. கொல்கத்தா ஏஜென்ட் தன் பெயரில் பட்டியல் போடுகிறவர் என்றால், கரூரிலிருந்து லாரி கிளம்பும்போதே வரிப்பட்டியல் போட்டு வரி கட்ட வேண்டும். அந்த வரியை ஏஜென்ட் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்வார். ஏஜென்ட் கரூர்க்காரரின் பெயரிலேயே பட்டியல் போட்டால் இந்த விதி வராது.

விலையே முடிவாகாத சரக்குக்கு எந்த மதிப்பில் வரி கட்டுவது? வெளிச்சந்தை மதிப்பில் கட்டலாம். அல்லது அதே மாதிரிச் சரக்கை ஏஜென்ட் தனக்கு உறவில்லாத வாடிக்கையாளருக்கு விற்கும் விலையில் 90 சதவீதத்தை மதிப்பாக எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 600 ரூபாய்க்கு விற்கும் போர்வைக்கு அது 540. ஜனவரி 10-இல் 1,000 போர்வைகளுக்குப் போட்ட வரிப்பட்டியலின் மதிப்பு 5,40,000 ரூபாய். அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் இதே சரக்கின் விற்பனை 4,20,000. இரண்டும் சரி. தவறு எங்கே வருகிறது என்றால், ஜிஎஸ்டி ரிட்டர்னில் உள்ள தொகையோடு ஒத்துப்போக வேண்டும் என்று கணக்கெழுதுகிறவர் வரிப்பட்டியலின் மதிப்பையே விற்பனையாக ஏற்றிவிடும்போது. ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. வேறுபாட்டை விளக்க முடிந்தால் போதும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-9சி படிவத்தில், கணக்கில் விற்பனையாக வராமல் முதல் அட்டவணைப்படி வழங்கலாகக் கருதப்பட்டதைக் காட்டத் தனி வரி உண்டு. கீழே நிற்கிறவர்களும் அதே மாதிரி ஒரு ஒப்பீட்டுத் தாளை ஒவ்வொரு அனுப்பீட்டுக்கும் வைத்துக்கொண்டால், மீதி 280 போர்வைகள் அடுத்த ஆண்டு விற்கும்போது கணக்கில் விற்பனை ஏறி ஜிஎஸ்டியில் ஏறாமல் இருப்பது ஏன் என்று அதிகாரி கேட்டால், அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.